நெக்ரோனி கசக்கிறதா? காம்பாரியைக் குறைக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

"அண்ணா, எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. பெங்களூரில் ஒரு பாரில் நெக்ரோனி குடித்தேன். கசப்பாக இருந்தாலும் பிடித்திருந்தது. ஜின், காம்பாரி, ஸ்வீட் வெர்மூத் மூன்றும் வாங்கி வீட்டில் 30, 30, 30 என்று ஊற்றி மூன்று ஐஸ் கட்டி போட்டால் ஒரே கசப்பு, அதோடு பிசுபிசுவென்று இனிப்பு. கசப்பைக் குறைக்கலாம் என்று ஜின்னை 60 ஆக்கினேன், தொண்டை எரிகிறது. வெர்மூத் பொங்கலுக்குத் திறந்தது, அலமாரியில்தான் இருக்கிறது. எங்கே தப்பு? புதிதாகக் குடிப்பவன் எளிதாகச் செய்யும்படி வேறு என்ன வழி?"

அளவில் தப்பு இல்லை தம்பி. 30, 30, 30 என்பதுதான் சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறையிலும் இருக்கிறது. உங்கள் கிளாசில் இல்லாமல் போனது இரண்டு விஷயம்: ஒன்று தண்ணீர், இன்னொன்று உயிருள்ள வெர்மூத். பெங்களூரில் நீங்கள் குடித்த நெக்ரோனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்திருக்கும். அதைத் தனியாக யாரும் ஊற்றுவதில்லை. பார்காரர் பெரிய கிளாசில் நிறைய ஐஸ் போட்டு அரை நிமிடம் நிதானமாகக் கிளறும்போது 20, 25 மி.லி. ஐஸ் உருகி உள்ளே போய்விடுகிறது. செய்முறையில் அது எழுதப்படுவதில்லை, அதனால் வீட்டில் செய்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பெங்களூரில் பல வருடம் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். இப்போது தர்மபுரியில் இருக்கிறேன். நெக்ரோனி பிடிக்கவில்லை என்று கிளாசைத் தள்ளி வைத்தவர்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் கசப்பால் அல்ல, குளிர்ச்சியும் தண்ணீரும் போதாமல்தான் தள்ளி வைத்திருப்பார்கள்.

மூன்று பாட்டிலும் என்ன கொண்டு வருகிறது என்று முதலில் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் சுலபம். காம்பாரியைக் கசப்புப் பாட்டில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் அதிகச் சர்க்கரை இருப்பது அதில்தான். 30 மி.லி. காம்பாரியில் சுமார் 7 கிராம் சர்க்கரை இருக்கும். ஸ்வீட் வெர்மூத்தில் 4 அல்லது 5 கிராம். வெர்மூத் என்பது ஒயின். அதில் மூலிகைகளை ஊற வைத்து, கொஞ்சம் ஸ்பிரிட்டும் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். ஒயினுக்கே உரிய மெல்லிய புளிப்பும் அதில் உண்டு. ஜின்னில் சர்க்கரையே கிடையாது. அது தருவது காரமும் ஜூனிபர் மணமும் மட்டும். ஆக, கசப்புப் பானம் என்று பெயர் வாங்கிய இந்த ஒரு கிளாசில் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கசப்பும் பிசுபிசுப்பும் சேர்ந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டும் ஒரே பாட்டிலிலிருந்துதான் வருகின்றன. அதனால்தான் இன்னும் இனிப்பைச் சேர்த்துக் கசப்பைச் சரிசெய்யப் பார்த்தால் குடிக்க முடியாமல் போகிறது.

அடுத்தது காரம். ஜின் 42.8 சதவீதம், காம்பாரி 25, வெர்மூத் 15 என்று வைத்துக்கொள்வோம் (காம்பாரி நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், லேபிளைப் பாருங்கள்). மூன்றிலும் 30 மி.லி. எடுத்தால் மொத்தம் சுமார் 25 மி.லி. சுத்த ஆல்கஹால். நம் ஊர் கணக்கில் ஒரு லார்ஜ் பிராந்தி. கிளறாமல் குடித்தால் அது 27, 28 சதவீதக் காரத்தில் நாக்கில் இறங்குகிறது. சரியாகக் கிளறினால் 22 பக்கம் வந்துவிடும். இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தில்தான் நெக்ரோனியே இருக்கிறது.

நீங்கள் ஜின்னை 60 ஆக்கியபோது நடந்ததைப் பார்க்கலாம். காம்பாரியின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாகக் குறைந்தது, வாஸ்தவம். ஆனால் அதோடு சர்க்கரையின் பங்கும் குறைந்தது. ஆல்கஹால் 37, 38 மி.லி. ஆகிவிட்டது, அதாவது ஒரு லார்ஜும் ஒரு ஸ்மாலும் சேர்ந்த அளவு. ஆல்கஹாலுக்கே ஒரு கசப்பு உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்கும் இனிப்பு இளைத்துப் போனதால் எரிச்சல்தான் மிஞ்சியது. ஜின் கூட்டிய நெக்ரோனியை விரும்பிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். 45 ஜின்னுக்கு மற்றவை 22, 22 என்று ஊற்றுவார்கள். அது நன்றாகவே இருக்கும், ஆனால் நன்கு குளிர்ந்து நன்கு கிளறியிருந்தால் மட்டும். புதியவருக்கு அது முதல் படி அல்ல.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், இரண்டு டம்ளர் வைத்து நீங்களே பாருங்கள். மூன்று பாட்டிலையும் சாயங்காலம் வரை பிரிட்ஜில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 15 மி.லி. எடுத்து ஒரு டம்ளரில் கலக்குங்கள். அளவுக்குப் பெக் மெஷர் இல்லையென்றால், சிரப் பாட்டிலின் மேல் கவிழ்த்து வரும் கோடு போட்ட பிளாஸ்டிக் மூடியே போதும், அதில் 5, 10 என்று இருக்கும். மொத்தம் 45 மி.லி. வரும். இதை இரண்டு டம்ளரில் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதில் மூடியில் அளந்து 5 மி.லி. ஜில் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். முதல் டம்ளரை ஒரு வாய் குடித்தால் கசப்பும் இனிப்பும் காரமும் ஒரே நேரத்தில் முட்டும், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதில் முதலில் ஆரஞ்சு போல ஒரு இனிப்பு, பிறகு ஜின்னின் மணம், விழுங்கிய பிறகு கடைசியாகக் கசப்பு என்று வரிசையாக வரும். கசப்பு குறைந்திருக்காது, அதற்குரிய இடத்துக்குப் போயிருக்கும். இன்னும் ஐந்து மி.லி. விட்டுப் பாருங்கள். சப்பென்று ஆகிப் போனால் எல்லை எங்கே என்று தெரிந்துவிடும்.

குளிர்ச்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாக்குக்குச் சில்லென்ற பொருளில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதே பானம் கொஞ்சம் சூடேறினால் சர்க்கரை முன்னால் வந்து நிற்கும், ஆல்கஹால் ஆவி மூக்கில் ஏறும். சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரி வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டில் எவ்வளவு சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டோடு 90 மி.லி.யை ஊற்றி மூன்று சின்ன ஐஸ் கட்டி போட்டால், ஐஸ் கரைந்துவிடும், பானம் குளிராது. ஆகவே இந்தப் பக்கத்துக்கு என் முதல் விதி, காம்பாரியும் ஜின்னும் கெட்டுப்போகாது என்றாலும் மூன்று பாட்டிலுமே பிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும்.

ஐஸ் எந்தத் தண்ணீரில் போட்டது என்பதையும் கவனியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கூடியது, புளோரைடும் உண்டு. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பானத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஐஸ் தண்ணீர்தான் என்னும்போது, போர் தண்ணீர் ஐஸின் சவர்ப்பு அப்படியே நெக்ரோனிக்குள் வந்துவிடும். குடிக்கிற கேன் தண்ணீரிலோ ஒகேனக்கல் தண்ணீரிலோ ஐஸ் போடுங்கள். டிரேயில் வரும் சின்னக் கட்டிகள் கிளறுவதற்கு. பரிமாற, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு முந்தின நாளே பிரீசரில் வைத்து ஒரே பெரிய கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், கடைசி வாய் வரை ருசி மாறாது. மீன், மட்டன் வைத்திருக்கும் பிரீசர் என்றால் டிரேயை மூடி வையுங்கள். ஐஸ் எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

கிளறும் முறை இதுதான். பெரிய டம்ளரில் முக்கால் பங்கு ஐஸ் கட்டி, அதன் மேல் குளிர்ந்த 30, 30, 30. நீளமான ஸ்பூனால் ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றிக் கிளறுங்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்று புகுந்து கலங்கிப் போகும், நெக்ரோனிக்கு அந்த நுரை வேண்டாம். வீட்டுச் சின்னக் கட்டிகள் பார் ஐஸை விட வேகமாகக் கரைவதால் 20 நொடியிலேயே ஒரு சொட்டு எடுத்து ருசி பாருங்கள். நொடிக் கணக்கை விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. கிளறிய பிறகு ஐஸ் விழாமல் தடுத்துப் பானத்தை மட்டும் அளவுக் கோப்பையில் வடித்துப் பாருங்கள். 90 மி.லி. உள்ளே போனது 110லிருந்து 115 ஆக வெளியே வந்தால் சரி. 100தான் வந்தது என்றால் இன்னும் கிளற வேண்டும். 125 தாண்டினால் ஐஸ் ஏற்கனவே பாதி உருகி ஈரமாக இருந்தது என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை இப்படி அளந்துவிட்டால் பிறகு கண்ணே சொல்லிவிடும்.

இனி வெர்மூத். பொங்கலுக்குத் திறந்து அலமாரியில் வைத்தது என்கிறீர்கள். அதற்கு வேலை முடிந்துவிட்டது தம்பி. ஜின்னைப் போல அதை நினைக்கக் கூடாது. அது ஒயின், திறந்தால் காற்றுப் பட்டு நாளுக்கு நாள் மங்கும். பிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம் நன்றாக இருக்கும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் அதில் பாதிகூடத் தாங்காது. குடித்தால் உடம்புக்கு ஆகாது என்பதல்ல, அதிலிருந்த பழ மணமும் புளிப்பின் கூர்மையும் போய், வாடிய உலர்திராட்சை போல மந்தமான இனிப்பு மட்டும் தங்கிவிடும். முகர்ந்து பாருங்கள். புது பாட்டிலில் மூலிகை, வெனிலா, ஆரஞ்சுத் தோல் என்று ஏதாவது துள்ளி வரும். பழசில் வினிகர் வாடை லேசாக அடிக்கும், அல்லது எதுவுமே அடிக்காது. காம்பாரியின் கசப்பைக் கட்டிப் போடுவது வெர்மூத்தின் இந்தப் பழ ருசிதான். அது செத்துவிட்டால் கசப்புக்கு எதிரே நிற்க ஆள் இல்லை.

சின்ன பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெரியதுதான் கிடைத்தது என்றால், திறந்த அன்றே காலியான குவார்ட்டர் பாட்டில்களை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, வெர்மூத்தைக் கழுத்து வரை நிரப்பி மூடி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது. 180 மி.லி. ஒன்றில் ஆறு நெக்ரோனி வரும். ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறந்தால், கடைசி பாட்டிலும் ஏறக்குறைய முதல் நாள் ருசியில் இருக்கும்.

மேலே பிழியும் ஆரஞ்சுத் தோலை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். தோலில் இருக்கும் எண்ணெய்தான் மூக்குக்கு முதலில் போகிறது, கசப்பு வருவதற்கு முன்பே பழம் வருகிறது என்று நாக்கைத் தயார் செய்கிறது. நம் கமலா ஆரஞ்சின் தோல் தளர்ந்து கையோடு வந்துவிடும், அதை மடித்துப் பிழிவது கஷ்டம். தோல் இறுக்கமாக இருக்கும் வெளிநாட்டு ஆரஞ்சு எடுங்கள். மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கட்டை விரல் அகலத்துக்கு, வெள்ளைப் பகுதி அதிகம் வராமல் சீவி, நிறமுள்ள பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து மடக்கினால் எண்ணெய்த் துளிகள் மேலே படர்வது வெளிச்சத்தில் தெரியும். ஆரஞ்சு இல்லாத நாளில் சாத்துக்குடித் தோல் போதும். மணம் கொஞ்சம் எலுமிச்சைப் பக்கம் சாயும், கெட்டுப் போகாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் கசப்பு கூடுதல் என்று பட்டால்தான் அளவில் கை வைக்க வேண்டும். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் அளவு 30 ஜின், 20 காம்பாரி, 30 வெர்மூத். காம்பாரியின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாகக் குறையும். காம்பாரியின் சர்க்கரையும் கூடவே குறைவதால் பிசுபிசுப்பும் வராது. அதுவும் போதவில்லை என்றால் அடுத்தது உப்பு. பாகற்காய்க்கு உப்பு போட்டுப் பிசறி வைக்கிறோமே, அதே கதைதான், உப்பு கசப்பை அமுக்கும். ஒரு ஸ்பூன் உப்பை நான்கு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, கிளறும் முன் இரண்டு சொட்டு. உப்பு ருசியே தெரியக் கூடாது, தெரிந்தால் அதிகம். நாக்கு பழகப் பழகக் காம்பாரியை 25, பிறகு 30 என்று கொண்டு போங்கள்.

காரமே வேண்டாம், கசப்பை மட்டும் முதலில் பழகலாம் என்றால் நெக்ரோனியின் தாய்ப் பானத்துக்குப் போங்கள். அதன் பெயர் அமெரிக்கானோ. 30 காம்பாரி, 30 வெர்மூத், உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், மேலே 90 மி.லி. வரை சோடா. 1919 வாக்கில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து காசோனி என்ற பாரில் காமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, இதில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார் என்பதுதான் நெக்ரோனி பிறந்த கதையாகச் சொல்லப்படுவது. நீங்கள் அந்தப் பாதையில் திரும்பி நடக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆல்கஹால் 12 மி.லி. மட்டுமே, ஒரு ஸ்மாலை விடக் குறைவு. நம் வெயிலுக்கு நெக்ரோனியை விட இதுவே பொருத்தம் என்பேன். அமெரிக்கானோவில் பழகிய பிறகு 10, 20, 30 மி.லி. என்று ஜின்னைக் கூட்டி சோடாவைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் சோடாவே இல்லாமல் நெக்ரோனியில் வந்து நிற்பீர்கள். ஒன்று மட்டும் கவனம், சோடாவுக்குப் பதில் டானிக் வாட்டர் ஊற்றிவிடாதீர்கள். அதில் குயினின் கசப்பும் சர்க்கரையும் இரண்டுமே இருக்கிறது, எதைக் குறைக்க நினைத்தோமோ அதையே கூட்டும்.

ஸ்பாக்லியாட்டோ என்று இன்னொன்று உண்டு, மிலான் நகரத்து பார் பாசோவில் பிரபலமானது. ஜின்னுக்குப் பதில் நுரைக்கும் ஒயின். இனிப்பில்லாத புரூட் வகைதான் வேண்டும். இந்திய ஒயின்களிலும் அந்த வகை இருக்கிறது. அருமையான பானம், ஆனால் ஒரு கிளாசுக்காக பாட்டிலைத் திறந்தால் மறுநாள் நுரை போய்விடும். நாலு பேர் சேரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜின் வாடையே ஒத்துவரவில்லை என்றால் டார்க் ரம். நம் ஊர் டார்க் ரம்மில் வெனிலா, கருகிய சர்க்கரை மணம் ஏற்கனவே இருக்கிறது, காம்பாரியோடு நன்றாகச் சேரும். ரம் இனிப்புப் பக்கம் சாய்வதால் வெர்மூத்தை 20 ஆக்குங்கள்: 30 ரம், 30 காம்பாரி, 20 வெர்மூத். விஸ்கி ஊற்றினால் அது புலவார்டியர். அதற்கு அமெரிக்க பர்பன் வேண்டும், மக்காச்சோளத்தின் இனிப்பு அதில் உண்டு. விலை குறைந்த நம் விஸ்கிகள் பெரும்பாலும் மொலாசஸ் ஸ்பிரிட் கலந்தவை, அவற்றை ஊற்றினால் காரம் தனியாகவும் கசப்பு தனியாகவும் நிற்கிறது. அப்படிச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

பாட்டில்கள் பற்றி ஒரு வார்த்தை. காம்பாரி, வெர்மூத் போன்றவற்றை டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சாதாரணக் கடையில் தேடி அலைய வேண்டாம். ஓசூர் தாண்டினால் கிடைக்கிறதே என்று பெங்களூரிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், வெளிமாநில மது என்று சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்குதான். அங்கேயே பாரில் குடித்துவிட்டுத் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டித் திரும்புவதும் ஆகாது. சட்டம் அனுமதிப்பது 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். ஒரே ஒரு நெக்ரோனி சராசரி உடம்புள்ள ஆளை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். பஸ்ஸில் வாருங்கள், அல்லது மூன்று பாட்டிலையும் பிரிட்ஜில் வைத்து வீட்டிலேயே செய்யுங்கள்.

வீட்டில் நண்பர்கள் வரும் நாளில் ஐஸ் தட்டுப்பாடு வரும், கரண்ட்டும் போகும். அதற்கு வழி, தண்ணீரை முன்பே அளந்து ஊற்றிவிடுவது. சுத்தமான 750 மி.லி. பாட்டிலில் ஜின், காம்பாரி, வெர்மூத் ஒவ்வொன்றும் 150, கேன் தண்ணீர் 110. மூடி, காலையிலேயே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐந்து பேருக்கு வரும். கிளற வேண்டியதில்லை, பெரிய ஐஸ் கட்டி மேல் 110 மி.லி. ஊற்றித் தோலைப் பிழிந்தால் தயார். மீந்தால் வெர்மூத் கலந்திருப்பது ஞாபகம் இருக்கட்டும், இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.